டோக்கன் கொடுப்பதற்கு முன்

சம்பளம் ஏறியதும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் வெள்ளை வேன்கள் வந்து நிற்கும். மனை பார்க்க ஆள் ஏற்றிப் போகும் வேன்கள். போக வர இலவசம், மதியம் பிரியாணியும் உண்டு. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்த பிறகு இந்த வேன்கள் கூடிப்போயின. 'விமான நிலையம் அருகில்' என்ற எழுத்து இல்லாத பேனரையே இந்தப் பக்கம் பார்க்க முடியாது. அந்த 'அருகில்' எத்தனை கிலோமீட்டர் என்று எந்த பேனரிலும் போட்டிருக்காது.

வேனில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரே லைனில், ஒரே ஷிஃப்ட்டில் வேலை பார்க்கிற நாலைந்து பேர் சேர்ந்து போவார்கள். ஒருத்தர் டோக்கன் கொடுத்தால் அடுத்தவருக்குக் கை சும்மா இருக்காது. மனை விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிப்போக அவர்கள் அவ்வளவாக ஆசைப்படுவதில்லை என்பது என் சந்தேகம். இரண்டு பேர் வந்தால் கேள்வியும் இரண்டு பங்கு வரும்.

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணமாகி, லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு ஞாயிறு லீவு. எனக்கு வாரம் ஒரு கிழமை மாறி மாறி வரும். அவர் ஏ ஷிஃப்ட்டுக்கு விடியற்காலை கம்பெனி பஸ் பிடிக்கும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் பி ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பையனை ஸ்கூலிலிருந்து கூட்டி வருவது யார், கேஸ் புக் பண்ணியாச்சா என்பதையெல்லாம் வாட்ஸப்பில் பேசிக்கொள்கிற குடும்பம். 'கலந்து பேசி முடிவெடுங்கள்' என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஷிஃப்ட் கணக்கு தெரியாது.

2022 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் புல்லட்டோடு வந்தார். ஒரகடத்திலேயே செய்கிற வண்டி. அந்த கேட்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார், ஆசை வராமல் இருக்குமா? முன்பணம் 50,000, அதன் பிறகு மூன்று வருஷத்துக்கு மாசம் 5,200. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பையனை டேங்க் மேல் உட்கார வைத்து போட்டோ எடுத்தோம். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். ராத்திரி, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா வேணாம்னு சொல்லியிருப்ப" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். அந்தப் பதில் என் மனசில் தங்கிவிட்டது. வண்டி வாங்கியதை விட, என்னிடம் சொன்னால் அது வேண்டாம் என்பதில்தான் போய் முடியும் என்று இவர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தாரே, அதுதான் உறுத்தியது.

எங்கள் லைனில் ஒரு பெண் உண்டு. அவளுடைய ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் அவள் புருஷனிடம் இருக்கும். சம்பள மெசேஜ் அவன் போனுக்குத்தான் போகும். டீக்குக் காசு வேண்டுமென்றால்கூட முந்தின நாளே கேட்டு வாங்கி வருவாள். ஓ.டி. பணம் எவ்வளவு வந்தது என்று அவளுக்கே அவன் சொல்லித்தான் தெரியும். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. ஒருத்தரை அடக்கி வைப்பது என்பது பெரும்பாலும் சின்னச் செலவில்தான் நடக்கிறது. பில்லைக் கேட்பது, ஜி-பே ஹிஸ்டரியைத் தள்ளிப் பார்ப்பது, 'இது எதுக்கு, அது எதுக்கு' என்று நோண்டுவது. அதுவும் செலவு நடந்து முடிந்த பிறகு. நான் என் வீட்டுக்காரரிடம் எதையாவது கேட்கப் போய், அந்தப் பெண்ணின் புருஷன் மாதிரி ஆகிவிடக்கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது.

அதனால் புல்லட் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். சில மாசம் கழித்து, எந்தச் செலவும் கையில் இல்லாத ஒரு நாளில் எடுத்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம், மாடியில் உட்கார்ந்திருந்தோம். "நமக்குள்ள ஒரு பழக்கம் வச்சுக்கலாமா? ரெண்டு பேருக்கும்தான், எனக்கும் சேர்த்துத்தான்" என்று ஆரம்பித்தேன். வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அது விசாரணை ஆகியிருக்கும்.

முதலில் ஒரு தொகையை எல்லையாக வைக்கலாம் என்று அவர் சொன்னார். பத்தாயிரத்துக்கு மேல் என்றால் பேசிவிட்டு வாங்குவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊரில் எந்தக் கடையில் பத்தாயிரம் கேட்கிறார்கள்? ஒரு ரூபாய் கூட முன்பணம் இல்லாமல் 40,000 ரூபாய் போனைக் கையில் கொடுத்துவிடுகிறான், மாசம் மூவாயிரத்துச் சொச்சம்தான் என்கிறான். தொகையை எல்லையாக வைத்தால் தவணை அதற்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிடும். அதனால் எல்லையை வேறு இடத்தில் போட்டோம். இந்த மாசச் சம்பளத்தோடு முடிகிற செலவு அவரவர் இஷ்டம். அடுத்த மாசச் சம்பளத்தைத் தொடுகிற எதுவானாலும் பணம் கைமாறுவதற்கு முன்னால் பேச வேண்டும். தவணை, அடகு, சீட்டைத் தள்ளி எடுப்பது, கைமாற்று, அடுத்தவருக்கு ஜாமீன் கையெழுத்து எல்லாம் இதில் சேரும். கூடவே, ஆளுக்கு மாசம் 2,000 ரூபாய் கேள்வி கேட்காத பணம். அது எங்கே போனது என்று மற்றவர் கேட்கக்கூடாது.

அடுத்த மாசச் சம்பளம் என்று நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்த ஊர்தான். 2006-ல் போன் செய்யத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கடைசி வண்டியை இறக்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிகளே போகும்போது, அவற்றுக்கு சாமான் கொடுக்கிற சின்ன கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் மூன்று வருஷத் தவணைக்கும் பத்து வருஷத் தவணைக்கும் கையெழுத்துப் போடுவதில் உள்ள ஆபத்து இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரும் அதை உடனே ஒப்புக்கொண்டார். 2,000 ரூபாய் விஷயத்தில்தான் அவருக்கு சந்தேகம். "நிஜமாவே கேக்க மாட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 2025 ஜூனில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. எனக்கு பி ஷிஃப்ட். எங்கள் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டுக்கு நடக்கிறேன், அவர் போன் பண்ணுகிறார். பின்னால் காற்றும் சிரிப்புச் சத்தமும். வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு லேஅவுட். 750 சதுர அடி, அடி 1,200 ரூபாய், மொத்தம் 9 லட்சம். கிழக்குப் பார்த்த மனை இரண்டுதான் மிச்சமாம். இன்றைக்கே 50,000 டோக்கன் கொடுத்தால் நம் பெயருக்கு நிறுத்தி வைப்பார்களாம். கூட வந்தவர்களில் இரண்டு பேர் கொடுத்துவிட்டார்களாம்.

அந்த இடத்தில் எனக்கு இருந்தது ஐந்து நிமிஷம். 'வேணாம்' என்றால் புல்லட் ராத்திரி அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும். 'உங்க இஷ்டம்' என்றால் பத்து வருஷக் கடன். நான் சொன்னது இவ்வளவுதான்: "இடம் நல்லாருந்தா வாங்கலாங்க. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, நீங்க வந்ததும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு அன்னைக்கு சாயங்காலமே சொல்லிடலாம். இப்ப டோக்கன் மட்டும் கொடுக்காதீங்க. சர்வே நம்பர், அப்ரூவல் நம்பர், தாய்ப்பத்திர ஜெராக்ஸ், இந்த மூணையும் வாங்கிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை என்று நாளைச் சொன்னது முக்கியம் என்று இப்போதும் நினைக்கிறேன். 'அப்புறம் பேசிக்கலாம்' என்றால் அது மறுப்பதற்கு மரியாதையான வழி என்று எல்லோருக்கும் தெரியும். நாளும் நேரமும் சொன்னால், முடிவு இரண்டு பக்கமும் போகலாம் என்று எதிராளிக்குப் புரியும். அவர் கையில் ஒரு வேலையும் இருந்தது. வெறுங்கையோடு வேனில் திரும்புவதற்கும், பேப்பர் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவதற்கும் கூட இருக்கிற ஆட்கள் முன்னால் வித்தியாசம் உண்டு.

அந்த ஏஜென்ட் சும்மா விடவில்லை என்று பிறகு தெரிந்தது. "வீட்டம்மாகிட்ட பர்மிஷன் வாங்கணுமா சார்?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறான். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவர், "எங்க வீட்ல ரெண்டு சம்பளம் சார், ரெண்டு பேரும் பாத்துத்தான் வாங்குவோம்" என்றாராம். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

செவ்வாய் நாலு மணிக்கு பையனின் பழைய கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். விலை 9,00,000. முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், 63,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 18,000. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் தள்ளுபடி. கம்பெனி பஸ்ஸில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் 9,000 குறையும். பத்திரம் எழுதும் கூலி, பட்டா மாற்ற அலையும் செலவு எல்லாம் சேர்த்து 9,85,000 என்று போட்டோம்.

பணம் எங்கிருந்து? அவர் ஏற்கெனவே மனசில் போட்டு வைத்திருந்தார். மனைக்கு பேங்கில் முழுத் தொகையும் தர மாட்டார்கள், 6 லட்சம் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். பத்து வருஷம், ஒன்பதரை வட்டி, மாசம் 7,760. எங்கள் இரண்டு சம்பளத்தில் வாடகை, அவருடைய அப்பா அம்மாவுக்கு அனுப்புவது, ஸ்கூல், புல்லட், சீட்டு, மளிகை எல்லாம் போக மிஞ்சுவது 7,800. "பாரு, கரெக்டா இருக்கு" என்றார். நாற்பது ரூபாய் மிச்சத்தோடு கரெக்டாகத்தான் இருந்தது.

நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, "மிச்சம் 3,85,000-ஐ யார் யார் போடறோம்னு எழுதலாம்" என்றேன். டோக்கன் 50,000, அது அவருடைய போனஸ் பணம். அவர் பக்கம் எழுதினேன். அடுத்தது நகைக் கடன் 2,40,000. அப்போது பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது; என் அம்மா போட்ட செயினையும் வளையலையும் வைத்தால் அவ்வளவு கிடைக்கும். என் பக்கம். சீட்டு 95,000. மாசாமாசம் நான் கட்டி வருவது, அதைத் தள்ளி எடுப்பதாக அவர் கணக்கு. அதுவும் என் பக்கம். அவர் இதையெல்லாம் மறைக்கவில்லை. 'நம்ம நகை, நம்ம சீட்டு' என்ற நினைப்பில் வெள்ளந்தியாகச் சேர்த்திருந்தார். என்னிடம் அந்த நகையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்பதே அவருக்குத் தோன்றவில்லை. கோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "அப்ப டோக்கன் மட்டும்தான் என் பணமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும்தான்.

பெரிய செலவு எதையும் ஒருத்தர் தனியாகச் செய்வதே இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் எண்ணிக்கையாகவே தெரிந்தது. 'என் சம்பளத்தில் வாங்குகிறேன்' என்பது தவணையைப் பற்றிய பேச்சு. அதற்கு முன்னால் போட வேண்டிய பணமும், நடுவில் விழும் பள்ளமும் எப்போதும் மற்றவர் சேமிப்பிலிருந்துதான் வருகின்றன. நகைக் கடனுக்கு வட்டி மட்டும் மாசம் 1,900 வரும். அந்த நாற்பது ரூபாயிலிருந்து அதை எப்படிக் கட்டுவது? என் ஓ.டி.யில்தான். அதுவும் கேட்காமலே கணக்கில் ஏறியிருந்தது. இதை நான் வாயால் சொல்லியிருந்தால் குத்திக் காட்டுவதாக இருந்திருக்கும். நோட்டில் கோடு போட்டதால் அவரே படித்துக்கொண்டார்.

இருந்தாலும், புல்லட் தவணை அக்டோபரில் முடியும், அதுவரை சமாளித்தால் போதும் என்பதால் வாங்கிவிடலாம் என்றுதான் பேச்சு போய்க்கொண்டிருந்தது. எனக்கும் சொந்த இடம் என்ற ஆசை இல்லாமலா? அப்புறம்தான் சர்வே நம்பரைப் போட்டு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்தோம். காசு கட்டாமலே பார்க்கலாம், சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் சர்வே நம்பரும் உட்பிரிவும் தெரிந்தால் போதும். முதல் தடவை எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொரு பதிவிலும் ஆவணத்தின் தன்மை என்று ஒரு வரி இருக்கும், அதை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தால் கதை புரிந்துவிடும். கிரையம், பாகப்பிரிவினை, மறுபடி கிரையம், கடைசியாக ஒப்படைப்பு ஆவணம். அதாவது அசல் பத்திரத்தை பேங்கில் கொடுத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் தீர்ந்திருந்தால் அதற்குக் கீழே ரசீது ஆவணம் ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லை.

லேஅவுட் போடுகிறவர்கள் நிலத்தை அடகு வைத்துப் பணம் புரட்டுவது ஊர் உலகத்தில் இல்லாததல்ல. மனைக்கு மனை பேங்கிலிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பதிவு செய்கிறவர்களும் உண்டு. அதனால் ஏஜென்டிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டோம். "ரெஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு எல்லாம் கிளியர் ஆயிடும், நீங்க டோக்கனைப் போடுங்க" என்றான். எழுத்தில் தருவாயா என்றால், தர மாட்டானாம். டோக்கன் கொடுத்த நண்பர் ஒருவரின் ரசீதை வாங்கிப் பார்த்தோம். பின்பக்கம் பொடி எழுத்தில், முன்பதிவுத் தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது என்று இருந்தது. அன்று சாயங்காலம் வேண்டாம் என்று சொன்னது அவர்தான். நான் பையனுக்கு பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பழக்கம் அவரை மட்டும் கட்டிப்போட்டது என்று நினைக்க வேண்டாம். ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. சீட்டை எடுத்து 50,000 கொடுக்க வேண்டும் என்று அம்மா கேட்டபோது, 'சரிம்மா' என்று வாய் வரை வந்துவிட்டது. என் சீட்டு, நான் கட்டியது, என் தம்பி. ஆனாலும் சீட்டைத் தள்ளி எடுத்தால் அது அடுத்த மாசத்தைத் தொடுகிற விஷயம். "அவர்கிட்ட பேசிட்டு நாளைக்குச் சொல்றேம்மா" என்று அம்மாவிடம் சொல்வது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அம்மா வேறு, "உன் பணத்துக்கு நீ கேக்கணுமா?" என்றாள். ஏஜென்ட் கேட்ட அதே கேள்வி. அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, சீட்டை இப்போது எடுத்தால் தள்ளு அதிகம் போகும், இரண்டு மாசம் பொறுத்தால் பதினைந்தாயிரமாவது கூடக் கிடைக்கும், அதுவரை தன் போனஸ் பணத்தைக் கொடுக்கலாம் என்றார். டோக்கனுக்கு வைத்திருந்த அந்த 50,000.

அவருக்கும் இதில் ஒரு லாபம் கிடைத்தது, அதை அவரே எதிர்பார்க்கவில்லை. கம்பெனியில் ஒருத்தர் கார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற ஆளே இல்லை இவர். "வீட்ல ரெண்டு பேரும் பேசித்தான் கையெழுத்துப் போடறது, பேசிட்டு சொல்றேன்" என்று தப்பித்து வந்தார். வந்து என்னிடம், "நீ வேணாம்னு சொன்னதா சொல்லிடவா?" என்றார். அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரும் வேணாம்னு முடிவு பண்ணோம்னு சொல்லுங்க" என்றேன். வில்லி வேஷம் எனக்கு ஒன்றும் புதிதில்லை, இருந்தாலும் சும்மா எதற்குப் போட வேண்டும்?

புல்லட் தவணை முடிந்த பிறகு, கார்த்திகையில் தென்னேரிப் பக்கம் ஒரு மனை அமைந்தது. 700 சதுர அடி, 8,75,000. வில்லங்கத்தில் கிரையங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பார்க்க, அவர் ஒரு நாள் லீவு போட வேண்டியிருந்தது. செயினை வைத்தோம், வளையலை வைக்கவில்லை. யார் பெயரில் என்று பேச்சு வந்தபோது, அவர் நோட்டைத் திருப்பி அந்த 1 சதவீதத்தைக் காட்டி, "உன் பேர்லயே இருக்கட்டும்" என்றார்.

பதிவு முடிந்து ஊருக்குப் போய் பத்திரத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். மாமியார் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். என் பெயரைப் பார்த்ததும் மகனைப் பார்த்தார்.

"அவ பேர்ல பண்ணா எட்டாயிரத்து எழுநூத்தி அம்பது ரூபா மிச்சம்மா. பொம்பளைங்க பேர்ல வாங்கினா கவர்மென்ட்ல குறைக்கிறாங்க" என்றார் இவர்.

"ஏன்டா, நான் பொம்பள இல்லையா?" என்றார் மாமியார்.